மிச்சம் விழுந்த ஒரு மூடி: வாஷிங் மெஷினை நானே பொருத்திய கதை

புது வாஷிங் மெஷின் வந்து இறங்கியபோது, பொருத்தித் தரும் ஆள் மூன்று நாள் கழித்துத்தான் வருவார் என்றார்கள். பழைய மெஷின் ஏற்கனவே வீட்டை விட்டுப் போயிருந்தது. அழுக்குத் துணி மூட்டையாகக் கிடந்தது. "இதுல என்ன மாமா இருக்கு, ரெண்டு ஹோஸ், ஒரு பிளக். நாமே மாட்டிடலாம்" என்றான் மச்சான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அது வரை எங்கள் வீட்டில் இருந்தது டாப் லோட். இறக்கி வைத்தோம், தண்ணீர்க் குழாயை மாட்டினோம், கழிவு ஹோஸைத் தரையில் போட்டோம், அவ்வளவுதான். புதியது ஃபிரண்ட் லோட். பெயரில்தான் வித்தியாசம் என்று நினைத்தது எங்கள் தப்பு. வேறு மெஷின்களில் கற்ற பழக்கங்களே இரண்டு இடத்தில் எங்களைக் கவிழ்த்துவிட்டன.

மச்சான் வீட்டில் ஃபிரண்ட் லோட் இருக்கிறது. அதனால் பின்பக்கத்தில் டிரான்சிட் போல்ட் இருக்கும், முதலில் அதைக் கழற்ற வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். உள்ளே துணி போடும் டிரம்மும் அதைச் சுற்றியிருக்கும் தொட்டியும் மெஷினின் பெட்டியோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டவை அல்ல. மேலே ஸ்பிரிங்கில் தொங்கும், கீழே ஷாக் அப்சார்பர் தாங்கும். தொட்டியோடு கனமான கான்கிரீட் கட்டியும் சேர்ந்திருக்கும். மெஷின் 60, 70 கிலோ கனப்பதற்கு அதுவும் ஒரு காரணம். லாரியில் வரும்போது இத்தனை எடையும் ஊஞ்சல் ஆடினால் ஸ்பிரிங் கழன்று எல்லாம் உடையும். அதனால் பின்பக்கத் தகட்டின் வழியாக நீளமான போல்ட்டைச் செருகி, தொட்டியைப் பெட்டியோடு இறுக்கி அனுப்புகிறார்கள்.

கூடவே வந்த தகட்டு ஸ்பானரால் போல்ட்டைத் தளர்த்தினோம். போல்ட் மட்டும் வெளியே வந்தால் போதாது. அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் குழலும் ரப்பர் புஷ்ஷும் இருக்கும், அவையும் சேர்ந்து வரவேண்டும். போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டால் ரப்பர் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பாதி தளர்த்திவிட்டு, போல்ட்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி இழுத்தால் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வரும். முதல் போல்ட்டில் கற்றுக்கொண்டு மற்றதைச் சுலபமாக எடுத்தோம். மூன்று போல்ட்டுகள் தரையில் வரிசையாக நின்றன. "அவ்ளோதான் மாமா, மூணுதான் இருக்கும். முக்கோணமா வச்சிருப்பான்" என்றான். அவன் வீட்டு மெஷினில் மூன்று. இதிலும் மூன்று என்று நானும் நம்பினேன். ஓட்டைகளை அடைக்கப் பிளாஸ்டிக் மூடிகள் ஒரு சின்னக் கவரில் இருந்தன. மூன்றை அழுத்திப் பொருத்திய பிறகு ஒன்று மிச்சம் இருந்தது. உபரியாகக் கொடுத்திருப்பார்கள் என்று கவரோடு அலமாரியில் போட்டேன்.

தண்ணீர் வரும் ஹோஸை மாட்டி, துணி இல்லாமல் ஒரு சுற்று ஓடவிட்டோம். துவைக்கும் வரை சத்தமே இல்லை. பிழியும் கட்டம் வந்தது. முதலில் ஒரு உறுமல். அப்புறம் சுத்தியலால் தகரத்தை அடிப்பது போல இடி. மெஷின் தரையில் நடக்க ஆரம்பித்தது. நான் ஸ்விட்சை அணைப்பதற்குள் ஒரு சாண் நகர்ந்து, தண்ணீர் ஹோஸ் விறைத்து நின்றது.

தரைதான் காரணம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அந்த இடத்தில் தரை சாய்வாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் மெஷினின் கால்களைத் திருகினோம், அட்டை மடித்து வைத்தோம், மறுபடி ஓட்டினோம். அதே இடி. இப்படி இன்னும் இரண்டு முறை. மூன்றாவது முறை மனைவி வந்து நின்று, "என்னங்க, அந்தக் கவர்ல ஒரு மூடி கிடக்கே, அது எந்த ஓட்டைக்கு?" என்று கேட்டாள்.

மெஷினைத் திருப்பிப் பார்த்தோம். கழிவு ஹோஸைப் பின்பக்கத் தகட்டில் வளைத்துக் கிளிப் போட்டிருந்தார்கள். அந்த வளைவுக்குப் பின்னால், கீழ் வலது மூலையில், நான்காவது போல்ட் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

ஒரே ஒரு போல்ட் இருந்தாலும் ஏன் இந்தப் பாடு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 1200 சுற்று வேகத்தில் பிழியும்போது டிரம் ஒரு நொடிக்கு 20 முறை சுற்றுகிறது. டிரம்மின் ஒரு பக்கம் மட்டும் அரைக் கிலோ ஈரத்துணி கூடுதலாக ஒட்டியிருந்தால், மையத்திலிருந்து 24 செ.மீ. தள்ளி இருக்கும் அந்த அரைக் கிலோ, கிட்டத்தட்ட 190 கிலோ எடைக்குச் சமமான விசையில் வெளியே இழுக்கும். அதுவும் நொடிக்கு 20 தடவை திசை மாறி மாறி. ஸ்பிரிங்கில் தொங்கும் தொட்டி அந்த இழுப்புக்குச் சில மில்லி மீட்டர் விட்டுக்கொடுத்து, தனக்கு வசதியான மையத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றும். பெட்டிக்குக் கொஞ்சம்தான் வந்து சேரும். போல்ட் பூட்டியிருந்தால் விட்டுக்கொடுக்க வழியில்லை. மொத்த இழுப்பும் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து காலுக்கு, காலிலிருந்து தரைக்கு. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பேரிங், தொட்டி, போல்ட் பிடிக்கும் இடம் என்று ஒவ்வொன்றாக உடையும். நாங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள் நிறுத்தியதால் ரப்பர் புஷ்ஷின் ஓரம் கொஞ்சம் பிய்ந்ததோடு தப்பித்தோம்.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லும் சோதனை இது. மெஷின் அணைந்திருக்கும்போது கதவைத் திறந்து, டிரம்முக்குள் கையை விட்டு மேல் விளிம்பை மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். போல்ட் எல்லாம் போயிருந்தால் டிரம் மெத்தை போல இறங்கி எழும், பெட்டி அசையாது. போல்ட் இருந்தால் டிரம் விறைப்பாக இருக்கும், அழுத்தினால் பெட்டியும் சேர்ந்து அசையும். ஐந்து விநாடி வேலை. நாங்கள் அதைச் செய்திருந்தால் அட்டை மடித்த ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

குலுங்கும் விதத்திலும் வித்தியாசம் தெரியும். போல்ட் காரணமென்றால் காலி டிரம்மிலேயே, பிழிய ஆரம்பித்த உடனேயே, ஒவ்வொரு முறையும் இடிக்கும். கால் காரணமென்றால் மெஷின் ஆடும், ஆனால் ஒரு மூலையைக் கையால் அழுத்திப் பிடித்தால் ஆட்டம் குறையும். ஒரு நாள் குலுங்கி மறுநாள் சாதுவாக இருந்தால் பெரும்பாலும் துணி போட்ட விதம்தான், ஒற்றைப் போர்வையை மட்டும் போட்டிருப்பீர்கள்.

நான்காவது போல்ட்டையும் எடுத்த பிறகு இடி நின்றது. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. இப்போதுதான் தரையின் முறை.

மெஷின் நிற்கும் இடத்தில் தண்ணீர் வடியும் ஓட்டையை நோக்கித் தரை சரிந்திருக்கிறது. ஓட்டை பின்பக்க வலது மூலையில். முதல் நாள் நாங்கள் செய்தது, தோன்றின காலைத் தோன்றின அளவு திருகுவது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று தூக்கிக்கொள்ளும், அதைத் திருகினால் முதலாவது. இந்தத் தடவை மெஷினை வெளியே இழுத்துவிட்டுத் தரையை அளந்தேன். ரசமட்டத்தைத் தரையில் வைத்து, தாழ்ந்த முனைக்கு அடியில் குமிழ் நடுவுக்கு வரும் வரை மெல்லிய பலகைத் துண்டுகளை அடுக்கி, அடுக்கின் கனத்தை அளந்தேன். கால்கள் வரும் இடங்களில், இடமிருந்து வலம் 9 மி.மீ. இறக்கம். முன்னிருந்து பின் 6 மி.மீ. இறக்கம். அப்படியென்றால் முன் இடது கால்தான் எல்லாவற்றையும்விட மேட்டில் இருக்கிறது. அதை முழுதாக உள்ளே திருகி வைத்துவிட வேண்டும். முன் வலது கால் 9, பின் இடது கால் 6, பின் வலது கால் 15 மி.மீ. வெளியே வரவேண்டும். எங்கள் மெஷினில் காலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஒன்றரை மி.மீ. நீளும். ஆக 6 சுற்று, 4 சுற்று, 10 சுற்று. ஒரு காகிதத்தில் நான்கு மூலையையும் வரைந்து எண்ணை எழுதிக்கொண்டோம்.

பின் கால்களை மெஷினை உள்ளே தள்ளுவதற்கு முன்பே திருகிவிட வேண்டும். சுவரோடு வைத்த பிறகு கை போகாது. ஒருவர் மெஷினைச் சில செ.மீ. மட்டும் சாய்த்துப் பிடிக்க, அடியில் மரக்கட்டையைக் கொடுத்துவிட்டு, இன்னொருவர் திருகினோம். கட்டை இல்லாமல் அடியில் கை விடக் கூடாது. எந்தக் காலையும் தேவைக்கு மேல் நீட்டவும் கூடாது. குட்டையான கால் கெட்டியாக நிற்கும், நீண்ட கால் வளைந்து ஆடும். அதனால்தான் மேட்டில் நிற்கும் காலைப் பூஜ்யத்தில் வைத்துக் கணக்கு போட்டேன்.

உள்ளே தள்ளி, மேல் பலகையில் ரசமட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்தால் குமிழ் கிட்டத்தட்ட நடுவில். முன் வலது காலை மட்டும் அரைச் சுற்று திருத்தினேன். மச்சான் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டான். ஆனால் மட்டமாக இருப்பது வேறு, நான்கு காலும் தரையில் ஊன்றியிருப்பது வேறு. நான்கு கால் ஸ்டூல் மூன்று காலிலேயே நிற்கும், மேல் பலகையும் மட்டமாகவே தெரியும், நான்காவது கால் முடி அளவு அந்தரத்தில் இருக்கும். அந்த முடி அளவுதான் பிழியும்போது தட்தட்டென்று அடிக்கிறது. எதிரெதிர் மூலைகளில் ஆளுக்கொரு கை வைத்து மாற்றி மாற்றி அழுத்தினோம். ஒரு மூலைவிட்டத்தில் லேசாக ஆடியது. எந்தக் கால் என்று பார்க்க ஒரு துண்டுக் காகிதத்தை முன்கால்களுக்கு அடியில் செருகிப் பார்த்தேன். வலது காலடியில் போகவில்லை. இடது காலடியில் வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் காலைக் காகிதம் இறுகும் வரை கால்வாசிச் சுற்று இறக்கினேன். ஆட்டம் போய்விட்டது.

கடைசியாக லாக் நட். காலின் மரையில் ஒரு நட் இருக்கும். அதை மேலே ஏற்றி, மெஷினின் அடித்தகட்டோடு சேர்த்து இறுக்க வேண்டும். நட்டைக் கீழ்நோக்கி இறக்கினால் அது எதையும் பிடிக்காது, சும்மா தொங்கும். நான் முதல் நாள் அதைத்தான் செய்திருந்தேன். நட்டை இறுக்கும்போது காலும் சேர்ந்து சுற்றும். அதனால் ஒரு ஸ்பானரால் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை இறுக்கினோம். பிறகு காகிதச் சோதனை மறுபடி ஒருமுறை.

காலுக்கு அடியில் வைக்கும் ரப்பர் கிண்ணங்களைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். வழுக்கும் டைல்ஸில் மெஷின் நகராமல் இருக்க அவை உதவும், அது சரி. ஆனால் தூக்கிக்கொண்டிருக்கும் காலை அவை சரிசெய்யாது, குறையை மறைக்கத்தான் செய்யும். சக்கரம் வைத்த ஸ்டாண்டைப் பற்றி என் கருத்தைக் கேட்காதீர்கள்.

தண்ணீர் வரும் ஹோஸில் எங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. மச்சான் மரையில் வெள்ளை டேப் சுற்றப் போனான், தடுத்தேன். அந்த நட்டில் தண்ணீரை அடைப்பது மரை இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். வாஷர் இடத்தில் இருந்தால், கையால் முடிந்த மட்டும் இறுக்கி, பிறகு ஸ்பானரால் மெதுவாகக் கால்வாசிச் சுற்று கொடுத்தால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் மெஷின் பக்கத்துப் பிளாஸ்டிக் மரை விரிசல் விடும். மாட்டுவதற்கு முன் குழாயைத் திறந்து ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துக் கொட்டினோம். புதுக் குழாய் வேலையில் தங்கிய மண்ணும் துருவும் மெஷினின் வாயில் இருக்கும் சின்ன சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளக் கூடாதே. மெஷினைச் சுவரோடு தள்ளும்போது இந்த ஹோஸ் மடிந்துவிடாமலும் ஒரு கண் வைக்க வேண்டும்.

சிக்கல் வந்தது கழிவு ஹோஸில். பழைய டாப் லோடில் கழிவு ஹோஸ் தரையோடு கிடக்கும். துவைத்து முடித்ததும் மெஷின் உள்ளே ஒரு அடைப்பைத் திறந்துவிடும், தண்ணீர் தானாக ஓடும். அதே பழக்கத்தில், நான்காவது போல்ட்டை எடுத்த கையோடு, பின்பக்கக் கிளிப்பிலிருந்தும் ஹோஸை விடுவித்து, நேராகத் தரை ஓட்டையில் செருகிவிட்டேன்.

மறுநாள் முதல் நிஜத் துவையல். அரை மணி நேரம் கழித்தும் தண்ணீர் நிரம்பும் சத்தம் நிற்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் துணி நனைந்திருக்கிறது, அடியில் தண்ணீர் தெரியவில்லை. சோப்பு நுரையும் இல்லை. கடைசியில் தண்ணீர் வரவில்லை என்று எச்சரிக்கை காட்டி மெஷின் நின்றுவிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. சல்லடையைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மறுபடி ஓடவிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது காலடியில் சின்னச் சலசலப்பு. கழிவு ஹோஸின் முனையிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துவைக்கும் நேரத்தில் அங்கிருந்து ஒரு சொட்டும் வரக் கூடாது.

ஃபிரண்ட் லோடில் அடைப்பு எதுவும் கிடையாது. தொட்டிக்கு அடியில் ஒரு பம்பு மட்டும். அது ஓடாதபோதும் அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து போக முடியும். தண்ணீரை உள்ளே நிறுத்தி வைப்பது ஹோஸின் உயரம்தான். தொட்டித் தண்ணீரின் மட்டத்தைவிட ஹோஸ் மேலே ஏறிப் போனால் தண்ணீர் தாண்டாது. தரையில் கிடந்தால் நிரப்ப நிரப்ப ஓடிவிடும், சோப்பும் சேர்ந்து. அதனால்தான் கழிவு ஹோஸின் முனை தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் மெஷினின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. ரொம்ப உயரம் போனாலும் பம்பு தள்ளத் திணறும்.

சுவர் ஓரமாக 75 செ.மீ. உயரத்துக்கு ஒரு கழிவுக் குழாயை நிற்க வைத்து, அதன் கீழ் முனையைத் தரை ஓட்டையோடு சேர்த்தோம். மெஷினோடு வந்த வளைந்த பிளாஸ்டிக் பிடியில் ஹோஸை மாட்டி, குழாயின் வாயில் ஒரு விரல் நீளத்துக்கு மேல் போகாமல் செருகி, ஒரு பட்டையால் கட்டினேன். கட்டுவது அவசியம். பம்பு தள்ளும் வேகத்தில் ஹோஸ் துள்ளி வெளியே விழுந்தால் அறை முழுக்கத் தண்ணீர்தான்.

நன்றாக ஓடியது. ஒரு வாரம் கழித்து அந்தக் குழாயின் வாயிலிருந்து லேசாக நாற்றம் வருகிறது என்று, ஹோஸைச் சுற்றி டேப்பை நாலு சுற்று சுற்றிக் காற்றுப் புகாமல் அடைத்தேன். அன்று மாலையே பழைய நோய் திரும்பியது: நிரம்பும் சத்தம் ஓயவில்லை. உயரம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் காற்று போக வழியில்லை. பம்பு ஒருமுறை தள்ளி முடித்ததும், ஹோஸிலும் குழாயிலும் நிறைந்த தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே பின்னால் இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. டேங்கிலிருந்து டியூபை வாயால் உறிஞ்சி விட்டால் எண்ணெய் தானாக ஓடிக்கொண்டிருக்குமே, அதே கதை. குழாயின் வாய் ஹோஸைவிட அகலமாக, சுற்றிலும் இடைவெளியோடு திறந்திருந்தால் அந்த இடத்தில் காற்று புகுந்து உறிஞ்சுவது அறுந்துவிடும். டேப்பைப் பிய்த்து எறிந்தேன். நாற்றத்துக்கு, தரை ஓட்டைக்கு முன்னால் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு வளைவை வைத்தேன், அது போதுமானதாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காகிதத் துண்டை எடுத்து நான்கு மூலையிலும் பார்த்தேன். பின் கால்களுக்கு டார்ச் அடித்துப் பக்கவாட்டிலிருந்து நீட்ட வேண்டியிருந்தது. எந்தக் காலடியிலும் காகிதம் போகவில்லை. நான்கு போல்ட்டும் ரப்பர், குழலோடு ஒரு கவரில் இருக்கின்றன. வீடு மாறும்போது மெஷினைத் தூக்குவதற்கு முன் திரும்பச் செருக வேண்டும். கவரின் மேல் "4" என்று மனைவி கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.